பிட் என்பது குறுக்கிய பீட் அன்று

ஆங்கிலத்தில் 'அடி' என்னும் பொருளுள்ள beat என்ற பீட், 'சிறு துண்டு' என்னும் பொருளுள்ள bit என்ற பிட் ஆகிய இரண்டையும் தமிழில் எழுதச் சொன்னால் நாம் தயங்குவதில்லை. முன்னதற்கு நெடில், பின்னதற்குக் குறில். எழுத அது போதும், பேசப் போதாது. தமிழ்க் காது இந்த இரு சொற்களிலும் முதலில் பிடிப்பது ஓசையின் நீளத்தை. ஆங்கிலக் காது முதலில் பிடிப்பது ஓசையின் நிறத்தை, அதாவது நாக்கு வாய்க்குள் எந்த இடத்தில் நின்று அந்த உயிரை எழுப்பியது என்பதை. நான் பள்ளியில் படித்த காலம் முழுவதும் இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிட் என்பது சீக்கிரம் முடித்துவிட்ட பீட் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

ஒரு சிறு ஏற்பாடு. தமிழ் எழுத்தால் மட்டும் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது என்பதால், அகராதித் திரையில் நீங்கள் காணும் ஒலிக்குறிகளையே ஆங்காங்கே தருகிறேன். 'அடி' /biːt/ என்றும் 'துண்டு' /bɪt/ என்றும் எழுதப்படும். முதலில் உள்ள i புள்ளி வைத்தது, பக்கத்தில் நீளக்குறி உண்டு. இரண்டாவதில் உள்ள ɪ புள்ளியில்லாமல், மேலும் கீழும் சிறு கோடு கொண்டது. குறிகளே வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். நீளம் மட்டும்தான் வேறுபாடு என்றால், ஒரே குறியை எழுதி ஒன்றுக்கு மட்டும் நீளக்குறி போட்டால் போதுமே.

உண்மையில் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். டேனியல் ஜோன்ஸ் 1917-இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதியில் இரண்டுக்கும் i என்ற ஒரே எழுத்துதான். நெடிலுக்கு மட்டும் பக்கத்தில் நீளக்குறி. நாக்கு நிற்கும் இடம் வேறு என்பது ஜோன்ஸுக்கு நன்றாகவே தெரியும். குறிகளைக் குறைவாக வைத்துக்கொள்ளத்தான் அப்படிச் செய்தார். கிம்சன் பதிப்பித்த 1977-ஆம் ஆண்டின் பதினான்காம் பதிப்பில்தான் ɪ என்ற தனிக்குறி அந்த அகராதிக்குள் வந்தது. பழைய குறிமுறையைப் பார்த்துப் பாடம் எழுதியவர்கள் 'நீண்ட இ, குறுகிய இ' என்று சொல்லிக்கொடுத்தால் வியப்பில்லை. குறில் நெடிலிலேயே வளர்ந்த நமக்கோ அந்த விளக்கம் உடனே ஒத்துப்போனது. அதனால்தான் இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதற்படி: நீளத்தின் மீதுள்ள நம்பிக்கையைக் கைவிடுங்கள்

நாக்குப் பயிற்சியைத் தொடங்கும் முன்பு, நீளம் நம்பத்தகாதது என்பதை நீங்களே கண்டுகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பயிற்சியின் நடுவில் மனம் மீண்டும் நீளத்தையே பிடித்துக்கொள்ளும்.

நகரத்தைக் குறிக்கும் சிட்டி என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் இரண்டு இகரம், இரண்டும் குறில். நாம் சொல்லும்போதும் இரண்டையும் ஒன்றுபோலவே சொல்கிறோம். இன்றைய அகராதியைத் திறந்தால் /ˈsɪti/ என்று இருக்கும். முதல் உயிர் ɪ, கடைசி உயிர் i. கடைசியில் உள்ளதற்கு நீளக்குறி இல்லை, அது குறுகியதுதான். ஆனால் அதன் நிறம் பீட் என்பதில் வருவது. இன்றைய பிரித்தானிய, அமெரிக்கப் பேச்சில் பெரும்பாலானோர் இப்படித்தான் சொல்கிறார்கள்; பழைய பிரித்தானிய உச்சரிப்பில் இரண்டுமே ɪ-யாக இருந்தன. அகராதியின் ஒலிப்பதிவை ஐந்து முறை கேளுங்கள். முதல் அசையில் நாக்கு சற்றுத் தொங்கி நிற்பதும், இரண்டாம் அசையில் மேலே ஏறுவதும் காதில் விழும் வரை கேளுங்கள். நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போதே நிறம் மாறுகிறது.

அடுத்து நான்கு சொற்கள். அடி /biːt/, துண்டு /bɪt/, கோக்கும் மணி /biːd/, ஏலத்தில் கேட்கும் விலை /bɪd/. தமிழில் எழுதினால் இவை நான்கும் பீட், பிட் என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். ஆங்கிலத்தில் ஒரு விதி உண்டு: கடைசியில் t போன்ற குரலற்ற மெய் வந்தால், முன்னால் உள்ள உயிர் வெகுவாகக் குறுகிவிடும். d போன்ற குரலுள்ள மெய் வந்தால் நீண்டு நிற்கும். எனவே 'மணி' என்பதன் உயிர் நீளம். 'அடி' என்பதன் உயிர் அதைவிட மிகவும் குட்டை. எவ்வளவு குட்டை என்றால், 'ஏல விலை' என்பதன் ɪ-யோடு ஒப்பிட்டால் அதற்குச் சமமாகவோ அதைவிடக் குறைவாகவோகூட இருக்கும். இங்கே நின்று யோசியுங்கள். 'நெடில்' என்று நாம் நினைக்கும் உயிர், 'குறில்' என்று நாம் நினைக்கும் உயிரைவிடக் குட்டையாக வருகிறது. அப்படியிருந்தும் எந்த ஆங்கிலேயரும் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. அவர் நீளத்தை வைத்து அடையாளம் காண்பவராக இருந்தால் குழம்பித்தான் இருப்பார்.

ஸ்காட்லாந்துக்குப் போனால் இது இன்னும் தெளிவு. அங்கே ஆங்கிலம் பேசுவோரிடம் இந்த i என்னும் உயிர் t-க்கு முன்னும் d-க்கு முன்னும் குட்டையாகவே வரும். சில குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் நீளும். ஆகவே அவர்களுடைய பீட், பிட் இரண்டுமே குட்டை. இருந்தும் இரண்டும் இரு வேறு சொற்கள்.

நீளத்துக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஹில்லன்பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1995-இல் வெளியிட்ட அளவீட்டில், ஆண்கள் சொன்ன /hiːd/ என்பதன் உயிர் சராசரியாக 243 மில்லிவினாடியும், /hɪd/ என்பதன் உயிர் 192 மில்லிவினாடியும் நீடித்தன. வேறுபாடு உண்டு, ஆனால் கால் பங்குதான். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தொல்காப்பியமே வகுத்திருக்கிறது. நம் காது எதிர்பார்ப்பது இருமடங்கு. ஆங்கிலம் தருவது ஒன்றேகால் மடங்கு. நாம் பீட் என்று இருமடங்கு இழுத்துச் சொல்லும்போது கேட்பவருக்கு அது இழுவையாகத் தோன்றுமே தவிர, தெளிவாகத் தோன்றாது.

இரண்டாம் படி: நாக்கு எங்கே நிற்கிறது?

பீட் என்பதில் வருவதை இறுக்க உயிர் என்றும், பிட் என்பதில் வருவதைத் தளர் உயிர் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்களை அப்படியே நம்பி, முகத்தை இறுக்கிக்கொண்டும் தளர்த்திக்கொண்டும் பயிற்சி செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் பயன் குறைவு. தசை எவ்வளவு இறுகுகிறது என்று அளந்து பார்த்தவர்களுக்கு எல்லோரிடமும் ஒரே விடை கிடைக்கவில்லை. நமக்கு உறுதியாகப் பயன்படுவது நாக்கின் இடம். இறுக்க உயிரில் நாக்கின் நடுமேடு அண்ணத்தை நோக்கி நன்றாக உயர்ந்து, முன்னே தள்ளி நிற்கும். நாக்கின் வேர்ப்பகுதியும் முன்னே இழுபட்டு, தொண்டைக்குள் இடம் விரியும். தளர் உயிரில் அந்த மேடு சற்றுக் கீழே இறங்கி, சற்று உள்ளே, வாயின் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துவிடும்.

'சற்று' என்றால் எவ்வளவு? நாக்கை நேரடியாகப் பார்க்க முடியாது. ஆனால் வாயறையின் வடிவம் மாறினால் ஓசையில் வலுப்பெறும் அதிர்வெண்களும் மாறும். அவற்றில் முதல் இரண்டு நமக்குப் போதும். இவற்றை ஆங்கிலத்தில் formant என்பார்கள். முதலாவதான F1, நாக்கு இறங்க இறங்கக் கூடும். இரண்டாவதான F2, நாக்கு முன்னே வர வரக் கூடும், உள்ளே போகப் போகக் குறையும். 1952-இல் பீட்டர்சன், பார்னி என்ற இருவர் 76 பேரின் குரல்களை அளந்து வெளியிட்ட சராசரிகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. ஆண்களின் சராசரியில் இறுக்க i-க்கு F1 270 ஹெர்ட்ஸ், F2 2290. தளர் ɪ-க்கு F1 390, F2 1990. பந்தயம் என்று பொருள்படும் பெட் என்ற சொல்லில் வரும் ɛ-க்கு F1 530, F2 1840.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்; அவற்றின் வரிசையை மட்டும் பாருங்கள். தளர் ɪ என்பது பீட்டுக்கும் பெட்டுக்கும் நடுவழியில் நிற்கிறது. உயரக் கணக்கில் ஏறக்குறைய சரிபாதி. உள்நோக்கி நகர்ந்த கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு. தமிழில் சொன்னால், அது இகரத்துக்கும் எகரத்துக்கும் இடையில் உள்ள, தமிழுக்கென்று எழுத்தில்லாத ஓர் இடம். நம் இகரம் ஈகாரத்தைவிடச் சற்றே தளர்ந்ததுதான், ஆனால் இவ்வளவு தூரம் இறங்குவதில்லை. அதனால்தான் நம் பிட், ஆங்கிலக் காதுக்கு அவசரமாகச் சொன்ன பீட் போலக் கேட்கிறது.

மூன்றாம் படி: அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள்

இந்த இடத்துக்குப் போகும் பாதை தமிழ் நாக்குக்குப் பழக்கமானதே. இலை என்பதைப் பேச்சில் எலை என்கிறோம். இடம் எடம் ஆகிறது. இகரத்திலிருந்து எகரத்துக்கு நாக்கு நாள்தோறும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அந்த வழியில் பாதியில் நிற்பது.

ஒரு கண்ணாடி முன் உட்காருங்கள். ஈ என்று ஒரே சுருதியில் நீட்டுங்கள். மூச்சை விடாமல், குரலை நிறுத்தாமல், மெல்ல மெல்ல ஏ-வுக்கு வழுக்கிச் செல்லுங்கள். மூன்று வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் இரண்டு மாற்றங்கள் தெரியும்: பக்கவாட்டில் இழுபட்டிருந்த உதட்டோரங்கள் தளர்கின்றன, தாடை ஓரிரு மில்லிமீட்டர் கீழே போகிறது. இப்போது ஏ-விலிருந்து ஈ-க்குத் திரும்பி வாருங்கள். பத்து முறை போய் வந்த பிறகு, வழியின் நடுவில் நிறுத்துங்கள். அது ஈ-யும் இல்லை, ஏ-வும் இல்லை என்று உங்களுக்கே அந்நியமாகத் தோன்றினால் சரியான இடத்துக்கு அருகில் வந்துவிட்டீர்கள். பழக்கமான ஒலியாகத் தோன்றினால் இன்னும் தமிழ் உயிரில்தான் நிற்கிறீர்கள்.

நாக்கின் உயரத்தை விரலாலும் உணரலாம். மோவாய்க்கு அடியில், எலும்புக்குப் பின்னால் உள்ள மெத்தென்ற பகுதியில் கட்டைவிரலை லேசாக வையுங்கள். ஈ என்று சொன்னால் அந்த இடம் விரலைத் தள்ளிக்கொண்டு புடைக்கும். பாதிவழி உயிருக்கு வரும்போது புடைப்பு குறையும். கண்ணை மூடிக்கொண்டு ஈ, பாதிவழி, ஈ, பாதிவழி என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். விரல் மாற்றத்தை உணர்கிறதா என்பதுதான் கேள்வி. உணரவில்லை என்றால் மாறியது நீளம் மட்டுமே.

நான்காம் படி: நீளத்தைத் தலைகீழாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். துண்டு /bɪt/ என்ற சொல்லை வேண்டுமென்றே இரண்டு வினாடி இழுத்துச் சொல்லுங்கள். அடி /biːt/ என்ற சொல்லை வேண்டுமென்றே சுண்டிவிட்டது போல வெட்டிச் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் முதல் முயற்சியில் தோற்பார்கள். பிட் என்பதை இழுக்க இழுக்க நாக்கு தானாகவே மேலே ஏறி, பீட் ஆகிவிடும். நீளத்தையும் உயரத்தையும் ஒன்றாகக் கட்டிவைத்திருக்கும் முடிச்சு அதுதான். அதை அவிழ்க்க, இழுத்துக்கொண்டே இருக்கும்போது விரலை மோவாய்க்கு அடியில் வையுங்கள். புடைப்பு வரத் தொடங்கிய கணத்தில் நிறுத்தி, மீண்டும் தொடங்குங்கள். இரண்டு வினாடி முழுவதும் நாக்கு ஏறாமல் நின்றால், நீங்கள் முதல் முறையாக ɪ என்ற உயிரைத் தனியாகப் பிடித்திருக்கிறீர்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு வாரத்துக்குள் அந்த நடுஇடம் அந்நியமாகத் தோன்றுவது குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிறகு நீளத்தை இயல்புக்குக் கொண்டுவந்து, நிறத்தை மட்டும் காப்பாற்றிச் சொல்லுங்கள். ஷீப் என்னும் செம்மறியாடு /ʃiːp/, ஷிப் என்னும் கப்பல் /ʃɪp/. சீட் என்னும் இருக்கை /siːt/, சிட் என்னும் உட்கார்தல் /sɪt/. லீவ் என்னும் விடைபெறுதல் /liːv/, லிவ் என்னும் வாழ்தல் /lɪv/. அதோடு தொடக்கத்தில் பார்த்த சிட்டியும், வேலை மும்முரத்தைக் குறிக்கும் /ˈbɪzi/ என்ற சொல்லும். இந்தக் கடைசி இரண்டையும் நான் மிகவும் விரும்புவேன். ஒரே சொல்லுக்குள் நாக்கு தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. நீளத்தின் உதவி அறவே கிடையாது.

ஐந்தாம் படி: சொல்லின் முடிவைக் கவனியுங்கள்

உயிர் சரியாக வந்த பிறகும் பலருடைய சொல் தவறிப்போவது மெய்யால். தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் நாம் நம்மையறியாமல் கடைசியில் ஓர் உகரம் சேர்த்து, பிட்டு, பீட்டு என்று முடிக்கிறோம். அந்த உகரம் வந்ததும் ஓரசைச் சொல் ஈரசைச் சொல்லாகிறது. குறிலுக்குப் பின் மெய் இரட்டிப்பதும் சேர்ந்துகொள்ள, சொல்லின் கால அளவே கலைந்துவிடுகிறது. நாக்கு மெய்யைத் தொட்டவுடன் நிறுத்திவிடுங்கள். வெடித்துத் திறக்கவே வேண்டாம். ஆங்கிலேயர்களும் பேச்சில் சொல்லிறுதி t-யைப் பல நேரங்களில் திறப்பதில்லை.

இன்னொன்று, நாக்கின் நுனி. நம் ட் என்பது நாக்கை மேலே வளைத்து அண்ணத்தைத் தொடுவது. ஆங்கில t, பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறுமேட்டைத் தொடுவது. நாக்கு வளையத் தயாராகும்போது முன்னால் உள்ள உயிரும் பின்னோக்கி இழுபடும். வீடு என்பது சென்னைப் பேச்சில் வூடு ஆவதில் இந்த இழுப்புக்கும் பங்குண்டு. ஆகவே வளைத்த ட்-ஓடு பயிற்சி செய்தால் உயிரின் நிறத்தைச் சரிபார்ப்பது கடினம். இலங்கைத் தமிழர்கள் ஆங்கில t-க்கு ரகரமும் றகரமும் போட்டு ரொறன்ரோ, இன்ரர்நெற் என்று எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நாக்கின் இடத்தைப் பொறுத்தவரை அந்த எழுத்துத் தேர்வு ஆங்கில ஒலிக்கு நெருக்கமானது.

ஆறாம் படி: பதிவு செய்து அளந்து பாருங்கள்

உங்கள் காதே உங்களை ஏமாற்றும். நண்பரிடம் சோதிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. அவரும் தமிழர் என்றால், நீங்கள் பீட், பிட் என்று மாற்றி மாற்றி இருபது முறை சொன்னாலும் நீளத்தை வைத்தே இருபதையும் சரியாகச் சொல்லிவிடுவார். அந்த இருபதுக்கு இருபது எதையும் நிறுவவில்லை. கணினியை நாடுவது நல்லது.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுல் பூர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகியோர் உருவாக்கிய Praat என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். New பட்டியலில் Record mono Sound... என்பதைத் திறந்து, பிட் என்று ஒருமுறை சொல்லிப் பதிவு செய்து, பெயரை bit என்று இட்டு, Save to list அழுத்துங்கள். அதேபோல beat என்று இன்னொன்று. பிறகு Praat பட்டியலில் New Praat script திறந்து, இந்த மூன்று வரிகளை இட்டு இயக்குங்கள்:

```
selectObject: "Sound bit"
Lengthen (overlap-add): 75, 600, 2
Play
```

நீங்கள் சொன்ன பிட் இரு மடங்கு நீளத்தில், குரலின் சுருதி மாறாமல் ஒலிக்கும். இப்போது கேளுங்கள். அது பீட் போலக் கேட்டால், நீங்கள் நாக்கை நகர்த்தவே இல்லை. நீளத்தால் மட்டும் சொல்லைப் பிரித்திருக்கிறீர்கள். இழுத்த பிட்டாக, எகரச் சாயல் கொண்ட ஓர் ஒலியாகக் கேட்டால், நிறம் வந்துவிட்டது. அகராதியில் ஒலிக்கும் பிட்டையும் இதேபோல நீட்டிப் பாருங்கள். எவ்வளவு நீட்டினாலும் அது பீட் ஆகாது. என் மனத்தை மாற்றியது எந்தப் பாடநூலும் அன்று, இந்த ஒலிதான்.

எண்களும் வேண்டுமென்றால், ஒலியைத் தேர்ந்தெடுத்து View & Edit அழுத்துங்கள். Formants பட்டியலில் Show formants இருந்தால் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அதே பட்டியலின் அமைப்புகளில் Formant ceiling என்பதை ஆண் குரலுக்கு 5000 என்றும் பெண் குரலுக்கு 5500 என்றும் வையுங்கள். இதைத் தவறாக வைத்தால் எண்கள் பொருளற்றுப் போகும். உயிரின் நடுப்பகுதியில் சொடுக்கி, Get first formant, Get second formant ஆகியவற்றை எடுங்கள். ஓரத்தில் எடுக்காதீர்கள், அங்கே மெய்யின் தாக்கம் இருக்கும்.

ஓர் ஆண் குரலில் பீட்டுக்கு F1 290, F2 2250 என்றும், பிட்டுக்கு F1 310, F2 2180 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். இடைவெளி F1-இல் 20 ஹெர்ட்ஸ், F2-இல் 70. பீட்டர்சன், பார்னி சராசரியில் அதே இடைவெளிகள் 120, 300. அதாவது நாக்கு செல்ல வேண்டிய தூரத்தில் கால் பங்குகூடச் செல்லவில்லை. இந்தப் பேச்சாளர் மூன்றாம் படிக்குத் திரும்ப வேண்டும். பிட்டுக்கு F1 500, F2 1900 என்று வந்தால் எதிர்த் தவறு: அவர் பாதிவழியைத் தாண்டிப் பெட் வரை போய்விட்டார். 'கொஞ்சம்' என்று சொல்ல வந்தவர் 'பந்தயம்' என்று சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவே, அவருடைய பீட்டின் 290-ஐவிட ஏறக்குறைய 120 கூடி, F1 410-க்கு அருகில் வந்தால் போதும். உங்கள் எண்களை அந்தச் சராசரியோடு நேராக ஒப்பிடாதீர்கள். ஒவ்வொருவர் வாயறையும் வெவ்வேறு அளவு. பெண் குரலில் எல்லா எண்களும் உயர்ந்தே இருக்கும். உங்கள் பீட்டுக்கும் உங்கள் பிட்டுக்கும் உள்ள இடைவெளிதான் கணக்கு.

எந்த உயிர் எங்கே வரும்?

அகராதி கையில் இல்லாதபோது உதவும் ஒரு விதி உண்டு. ஓரசைச் சொல் உயிரில் முடிந்தால் அது இறுக்க உயிர்தான்: டீ /tiː/, கீ /kiː/, பீ என்னும் தேனீ /biː/. அழுத்தம் பெற்ற தளர் உயிர் ஒருபோதும் வெறுமனே சொல்லை முடிக்காது. பின்னால் ஒரு மெய் வந்து தாங்க வேண்டும். இது நமக்குப் புதிதன்று. நெட்டெழுத்து ஏழும் ஓரெழுத்தொருமொழியாகும், குற்றெழுத்து ஐந்தும் மொழி நிறைபு இல என்கிறது தொல்காப்பியம். தமிழில் தீ, பூ தனித்து நிற்பது போலத்தான் அங்கே டீயும் கீயும் நிற்கின்றன. மறுபுறம், பாடுதல் /sɪŋ/ என்பதில் வரும் ங் ஒலிக்கு முன்னால் அகராதிகள் தருவது ɪ-தான். அங்கே பீட்டின் உயிருக்கு இடமில்லை. எழுத்துக்கூட்டல் மட்டும் எப்போதும் உதவாது. பெண்கள் என்னும் /ˈwɪmɪn/ என்ற சொல்லின் முதல் அசையில் எழுதுவது o, சொல்வது ɪ.

உகரத்திலும் இதே கதைதான். உணவு /fuːd/, நல்ல /ɡʊd/ ஆகிய இரு சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே இரட்டை o-வால் எழுதப்படுபவை. முன்னது இறுக்கம், பின்னது தளர்வு. ஊ-விலிருந்து ஓ-வை நோக்கி வழுக்கி, பாதியில் நில்லுங்கள். அங்கே உதட்டுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஊ என்பதற்குக் குவியும் உதடு, ʊ-வுக்குத் தளர வேண்டும். நாடு, பாட்டு என்று முடியும்போது குற்றியலுகரத்தில் உதடு குவியாமல் நிற்பதைக் கண்ணாடியில் பாருங்கள். அந்த அளவுக்கு முழுதாகத் தளர்த்தாமல், ஊ-வுக்கும் குற்றியலுகரத்துக்கும் இடைப்பட்ட நிலையில் உதட்டை வைத்து /ɡʊd/ என்பதைப் பதிவு செய்து, மேலே தந்த மூன்று வரிகளில் பெயரை மட்டும் மாற்றி இரு மடங்கு நீட்டிக் கேளுங்கள். 'கூட்' என்று கேட்டால் உதடும் நாக்கும் இன்னும் ஊ-விலேயே நிற்கின்றன.